இரண்டு கரண்டி உறை

என் தங்கையின் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. கல்யாண வீடு என்று சொல்லிக்கொள்ள வாசலில் ஒரு சின்னப் பந்தல் மட்டும் இருந்தது. பக்கத்து வீட்டில் சப்ளை இன்ஸ்பெக்டர் குடியிருந்தார். இரண்டு வீட்டுக் கொல்லைகளுக்கும் நடுவில் இடுப்பு உயர மண்சுவர்தான்.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம் அது. கல்யாணமோ கருமாதியோ, அரசாங்கம் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் இலை போட்டால் கேஸு. அந்த எண்ணிக்கை எங்கள் அப்பாவின் உடன்பிறந்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்தாலே நிரம்பிவிடும். அப்பா திருச்சுழி சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. மற்றவர்கள் மாட்டினால் அபராதம் கட்டிவிட்டுப் போவார்கள், அப்பா மாட்டினால் வேலை போகும். அப்பாவுக்கு மேலிருந்தவர் இதை அவரிடம் நேராகவே சொல்லியிருந்தார். அப்படியும் அப்பா இருநூறு பேரை அழைத்திருந்தார். அழைக்காமல் விட்டால் எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துச் சொந்தம் ஒன்றுகூடப் பிறகு எங்கள் வாசலை மிதிக்காது.

எங்களுக்கு இருந்த ஒரே தைரியம் இன்ஸ்பெக்டரின் கேம்ப். வெள்ளிக்கிழமை காலை அவர் நரிக்குடிப் பக்கம் புறப்பட்டுப் போவதாக இருந்தார், திரும்ப இரண்டு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் பந்தி. வியாழக்கிழமை இரவுவரை அவருக்குச் சந்தேகம் வராமல் இருக்க வேண்டும். வந்தால் கேம்ப்பைத் தள்ளிப்போட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடுவார்.

நான் காரியாபட்டியில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டேன். அரிசியை அப்பா எப்படியோ திரட்டி, தெருக்கோடியில் சித்தப்பா பருத்தி அடைத்து வைக்கும் கிட்டங்கியில் சாக்குகளுக்கு அடியில் வைத்திருந்தார். குழம்பும் காயும் அங்கேயே அடுப்பேறும். தயிர் மட்டும் எங்கள் வீட்டில். கொல்லைத் தாழ்வாரம் எங்கள் வீட்டில்தான் கொஞ்சம் குளிர்ச்சி, தண்ணீரும் பக்கம். தயிரை என் பொறுப்பில் விட்டார்கள். பங்குனி கழிந்த வெயிலில் எங்கள் ஊர்ப் பந்தியில் தயிர் இல்லையென்றால் சாப்பாடே போடவில்லை என்றுதான் பேச்சு வரும். மாப்பிள்ளை வீட்டார் அருப்புக்கோட்டைத் தறிக்காரர்கள். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். தயிர் வராமல் இலையை மடிக்க மாட்டார்கள் என்று எங்களிடம் சொல்லியே அனுப்பியிருந்தார்கள்.

பால் கிடைத்துவிட்டது. சொந்தக்காரர்கள் நாலைந்து ஊர்களிலிருந்து சாயங்காலக் கறவையை வண்டியில் அனுப்புவதாக ஏற்பாடு. இருபத்துநாலு படி. உறைதான் இல்லை.

கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்ட உறவினர்கள் வீட்டிலிருந்த தயிரைச் சாப்பிட்டுத் தீர்த்திருந்தார்கள். அடியில் மிஞ்சியது, மூன்று தடவை தண்ணீர் ஊற்றிப் பெருக்கிய மோர். அம்மா அதில் ஒரு கரண்டி எடுத்து புதன்கிழமை இரவு, உறவினர்கள் கொண்டுவந்திருந்த ஒரு படிப் பாலில் விட்டார். காலையில் பார்த்தபோது பால் பாலாகவும் இல்லை, தயிராகவும் இல்லை. விரலை விட்டுத் தூக்கினால் நூல் மாதிரி இழுத்தது.

"ஒரு குண்டானுக்கு ஒரு கரண்டிதானே விட்டேன்? எப்பவும் விடுறதுதானே?" என்றார் அம்மா.

அம்மாவின் கணக்கு முழுவதும் அந்தக் குண்டானில் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே குண்டான், ஒரே கரண்டி. நெய் ஊற்றும் சின்னக் கரண்டி அது. குண்டானில் ஒரு படி கொள்ளும் என்பதோ, கரண்டியில் இருப்பது கெட்டித் தயிர் என்பதோ அவர் யோசிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. கரண்டி அதேதான், ஆனால் அதற்குள் இருந்தது முக்கால்வாசித் தண்ணீர்.

"இன்னைக்கு ராத்திரி அண்டாவுல ஊத்தும்போது எத்தனை கரண்டி விடுவீங்க?" என்று கேட்டேன்.

"அண்டாவுக்கு ஒண்ணுதான். வேணும்னா ரெண்டு."

அம்மாவுக்குக் கணக்கை எடுத்துச் சொன்னேன். பால் இருபத்துநாலு மடங்கானால் உறையும் இருபத்துநாலு கரண்டியாக வேண்டும். இரண்டே கரண்டி விட்டால் விடியும்போது அண்டா நிறையப் பாலாகவே நிற்கும். வெளியூருக்கு ஆளனுப்பி வாங்கிவர நேரமில்லை, கிட்டத்தில் எங்கே போய் இருபத்துநாலு கரண்டிக் கெட்டித் தயிர் வாங்குவது? அந்தக் கோடையில் எங்கள் தெருவில் மாடுகள் வற்றிப்போயிருந்தன. எங்கள் பசுவே காலையில் ஓர் உழக்கு, அதாவது கால் படி, கறந்தால் பெரிது. பால் வற்றாத எருமை ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. அது இன்ஸ்பெக்டர் வீடு.

உறை கேட்டுப் போகிற வீட்டில் எவ்வளவு பாலுக்கு என்று கேட்பார்கள். கேட்டு, அதற்குத் தக்கபடிதான் கொடுப்பார்கள். இருபத்துநாலு கரண்டி வேண்டும் என்று சொன்னால் இருபத்துநாலு படிப் பால் என்று சொன்னதாகிவிடும். இருபத்துநாலு படி என்றால் எத்தனை இலை என்று இன்ஸ்பெக்டர் மனைவிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ரெண்டு படிக்குன்னு கேளு," என்றார் அம்மா. "மாப்பிள்ளை வீட்டுக்காரவுக முன்கூட்டி வாராகன்னு சொல்லு. பொழுது சாஞ்சுட்டா கொடுக்க மாட்டாக. இப்பவே போ."

வியாழக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன் ஒரு பித்தளைக் கிண்ணத்தோடு கொல்லைச் சுவரருகே போய் நின்றேன். அந்த அம்மாள் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். வெடுக்கென்று பேசுவாள், கண்ணால் எதையும் விட மாட்டாள்.

"என்னத்தா, கல்யாணப் பொண்ணோட அக்கா, கிண்ணத்தைத் தூக்கிட்டு வந்துட்டே?"

"உறை வேணும் அக்கா."

"கல்யாண வீட்ல உறை இல்லையா? நல்லா இருக்கே! எம்புட்டுப் பாலுக்கு?"

"ரெண்டு படி."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். உள்ளே போய் உறியிலிருந்து சட்டியை இறக்கினாள். மேல் ஏட்டை ஒதுக்கிவிட்டு நடுவிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். கத்தியால் வெட்டினாற்போல் நின்றது தயிர்.

"ராத்திரி ஊத்து. சூட்டுல ஊத்திராதே, விரல் பொறுக்கணும்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு கரண்டி. இருபத்துநாலு வேண்டும்.

வழி ஒன்றுதான் இருந்தது. இரண்டு கரண்டித் தயிரை நேராகப் பெரிய பாலில் விடாமல், முதலில் கொஞ்சம் பாலில் விட்டு அதையே உறையாக்கிக்கொள்வது. உழக்கை எடுத்துக் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் ஊற்றி அளந்தேன். இருபத்துநாலு கரண்டியில் நிரம்பியது. அப்படியானால் ஓர் உழக்குத் தயிர் கையில் இருந்தால் போதும்.

எங்கள் பசுவின் காலைப் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, ஓர் உழக்கு அளந்து சின்ன மண்கலயத்தில் ஊற்றினேன். இரண்டு கரண்டித் தயிரையும் கட்டியில்லாமல் கடைந்து அதில் கலந்தேன். ஓர் உழக்குப் பாலுக்குக் கால் கரண்டியே போதும். நான் விட்டது எட்டு மடங்கு. உறை கூடினால் பால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் புளிக்கவும் செய்யும். எனக்கு அவசரம்தான் முக்கியம். உறைந்ததும் ஈர மணலில் இறக்கிவிட்டால் புளிப்பு ஏறுவதைக் கொஞ்சம் தடுக்கலாம். உறையாவிட்டால் மறுபடி கேட்க வழியில்லை. அந்தி விளக்கு ஏற்றிய பிறகு எங்கள் பக்கத்தில் உப்பையும் உறையையும் யாரும் வெளியே கொடுப்பதில்லை.

அன்று காலை நான் வேறு எந்த வேலையும் சரியாகச் செய்யவில்லை. கலயத்தைத் தொடக்கூடாது, அசைக்கவும் கூடாது. அப்படியும் நாலு தடவை போய் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வெறும் பால்தான் தெரிந்தது. அப்பா கச்சேரிக்கு லீவு போட்டுவிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினால் அப்பா அப்படியே நின்றுவிடுவார்.

உச்சிவெயில் நேரத்தில் கலயத்தை லேசாகச் சாய்த்தேன். மேல்பரப்பு முழுவதும் ஒன்றாக நகர்ந்து, ஒன்றாக நின்றது. உறைந்துவிட்டது. கொல்லையில் மணலை நனைத்துப் பள்ளம் பறித்து, கலயத்தை அதில் இறக்கிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

"என்னத்தா அது?"

இன்ஸ்பெக்டர் மனைவி சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றிருந்தாள். மூடி என் கையில் இருந்தது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்ததை மறைக்க நேரமில்லை.

"தயிரு," என்றேன்.

"நான் கொடுத்த உறையா? ராத்திரி ஊத்துன்னுல சொன்னேன். பகல்லயே ஊத்தி, அதுக்குள்ள உறைஞ்சும் போச்சு!" அவள் கலயத்தின் அளவைப் பார்த்தாள். "இது ரெண்டு படி இல்லையே. உழக்கு இருக்குமா? உழக்குப் பாலுக்கு ரெண்டு கரண்டியும் விட்டியாக்கும்? நாளைக்கு வரைக்கும் வச்சா வாயில வைக்க முடியாம புளிச்சுப்போகும். யாருக்கு இம்புட்டு அவசரம்?"

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். "பொண்ணுக்கு வயிறு சரியில்ல தங்கச்சி. மத்தியானமே கொஞ்சம் மோர் கொடுக்கலாம்னு..."

"அப்ப ஏன் மண்ணுல புதைக்கிறா?"

அவள் இன்னும் கொஞ்ச நேரம் மணலையும் கலயத்தையும் பார்த்தாள். பிறகு, "சரி, சரி. கல்யாண வீட்ல ஆயிரம் இருக்கும்," என்று சொல்லிவிட்டு எருமைப் பக்கம் திரும்பிப் போனாள். அவள் முகத்தில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. மூடியை வைத்து, ஈர மணலைக் கலயத்தின் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

பால் வண்டி பொழுது சாயும் நேரத்தில் வந்தது. விறகுக்கான பருத்திமார்க் கட்டுகளுக்கு அடியில் பால்குடங்களை வைத்துக் கொண்டுவந்தார்கள். தாழ்வாரத்தில் இரண்டு அடுப்பு மூட்டிக் காய்ச்சினோம். பாலின் மணத்தை எந்தச் சுவராலும் மறைக்க முடியாது. அம்மா சாம்பிராணியை அள்ளி அள்ளிப் போட்டார்.

அண்டாவைப் பற்றி எங்களுக்குள் ஒரு தகராறு. எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் ஊற்றி உள்ளறையில் மூடி வைத்துவிட்டால் யார் கண்ணிலும் படாது என்றார் அம்மா. அவருடைய பயம் சரிதான். ஆனால் அவ்வளவு பால் ஒரே பாத்திரத்தில் இருந்தால் நடுவில் இருக்கும் சூடு விடிய விடிய இறங்காது. கரண்டிக் கணக்குச் சரியாக இருந்தாலும் சூடு நிற்பதால் வேகமாக உறைந்து, மத்தியானப் பந்திக்குள் புளித்துத் தண்ணீர் விட்டுவிடும். பரிமாற மொள்ளும்போது அண்டாத் தயிர் முழுவதும் உடையும். கடைசியில் அப்பா சொன்னார்: "பயந்துக்கிட்டுக் கெடுக்கிறதுக்குப் பதிலா, பயந்துக்கிட்டே ஒழுங்காச் செய்யுங்க." பன்னிரண்டு புதுப் பானைகள், பானைக்கு இரண்டு படி. தாழ்வாரத்தின் நீளத்துக்கு வரிசையாக வைத்தோம். யார் எட்டிப் பார்த்தாலும் தெரியும்.

பாலை ஊற்றி முடித்ததும் அம்மா உடனே உறையை விடச் சொன்னார். ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இன்னும் சூடா இருக்கும்மா. உறை செத்துப்போகும்."

"ஆறுற வரைக்கும் யாராவது வந்துட்டா? சீக்கிரம் விட்டு மூடு!"

கலயத்துத் தயிரைக் கடைந்து முடித்திருந்தேன். அம்மா என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி முதல் பானைக்கு மேல் நீட்டினார். அந்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"சார் இருக்காரா?"

இன்ஸ்பெக்டரின் குரல். அம்மா கரண்டியை அப்படியே நீட்டியபடி நின்றார். அப்பா முன்கூடத்துக்குப் போனார். அவர் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தமும், அது கல்லில் இடறும் சத்தமும் கேட்டன. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. நான் விளக்கை ஊதி அணைத்தேன். பானைகள் இருட்டில் வெள்ளை வட்டங்களாகத் தெரிந்தன. தங்கை அடுப்பருகே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு நான் கேம்ப். அதான் இன்னைக்கே விசாரிச்சுட்டுப் போகலாம்னு," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு மழை இல்லாதது, கம்பு விலை, சர்க்கரைக் கார்டு என்று ஒவ்வொன்றாகப் பேசினார். அவசரமே இல்லாத மனிதர். அப்பா எல்லாவற்றுக்கும் "ஆமா சார், ஆமா சார்" என்று மட்டும் சொன்னார். அம்மாவின் கரண்டியிலிருந்து தயிர் சொட்டி அவருடைய காலில் விழுந்தது. துடைக்கக்கூட அவர் குனியவில்லை.

பிறகு இன்ஸ்பெக்டர் குரலை மாற்றாமலே கேட்டார்: "பால் வண்டி ஒண்ணு வந்துச்சாமே?"

"வண்டியா சார்?" என்றார் அப்பா.

"என் பியூன் பார்த்திருக்கான். கல்யாண வீட்ல பால் வாங்குறது தப்பில்ல. எம்புட்டுன்னுதான் கேக்கிறேன்."

"கொஞ்சம் சார். காப்பிக்கு... கொஞ்சம் தயிருக்கு..."

"தயிருக்கு எம்புட்டுன்னு எனக்குத் தெரியும்." நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்துவிட்டார், கதவைத் தள்ளப்போகிறார் என்று நினைத்தேன். என் கையில் கலயம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. "எங்க வீட்ல கேட்டேன். உங்க பொண்ணு காலையில வந்து உறை வாங்கிட்டுப் போச்சாம். ரெண்டு கரண்டி. ரெண்டு கரண்டிக்கு ரெண்டு படிதான் உறையும். அதுக்கு மேல ஊத்தினா பாலாத்தான் நிக்கும்." அவர் சிரித்தார். "மாப்பிள்ளை வீட்டுக்கே காணாது போலிருக்கே சார். நல்ல சிக்கனம்! இப்படித்தான் இருக்கணும்."

அப்பாவும் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் அதற்கு முன்பு கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்படும்வரை நாங்கள் அசையவில்லை. விளக்கை ஏற்றி ஒரு பானையில் விரலை விட்டேன். பொறுத்தது. வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அவர் உட்கார்ந்து கம்பு விலை பேசியிராவிட்டால் அம்மா அந்தக் கொதிப்பிலேயே உறையை விட்டிருப்பார். பானைக்கு இரண்டு கரண்டி விட்டு, அடியிலிருந்து ஒரு தடவை கலக்கி, துணி கட்டி மூடினேன். பன்னிரண்டு பானைக்கும் சரியாக இருந்தது. கலயத்தின் அடியில் ஒரு வழிசல் மிஞ்சியது.

அன்று படுத்தோம் என்றுதான் சொல்ல முடியும். இன்ஸ்பெக்டர் மனைவி கொடுத்ததைச் சரியாகத்தான் சொல்லியிருந்தாள். மணலில் பார்த்ததை அவள் சொல்லவில்லையா, இல்லை விடிந்ததும் சொல்வாளா என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். பக்கத்து வீட்டில் யாராவது புரண்டு படுத்தால்கூட எனக்குக் கேட்டது.

விடிந்ததும் இன்ஸ்பெக்டரின் வண்டி பூட்டும் சத்தம் கேட்டது. மாட்டுமணிச் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் பானைகளைத் திறந்தோம். பதினொரு பானை கெட்டியாக, புளிப்பில்லாமல் உறைந்திருந்தது. அடுப்புச் சுவரை ஒட்டியிருந்த ஒரு பானை மட்டும் சூட்டில் முன்னாலேயே உறைந்து புளித்து, மேலே மஞ்சள் தண்ணீர் நின்றது. அதை மோர்க்குழம்புக்கு அனுப்பினேன். மற்றவற்றைத் தூக்காமல், ஈரத்துணி போர்த்தி, இருந்த இடத்திலேயே விட்டோம். பந்திக்கு ஒவ்வொன்றாகத்தான் போயின.

இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டர் மனைவி கொல்லை வழியாக நேரே தாழ்வாரத்துக்கு வந்துவிட்டாள். காலியான பானைகளும் காலியாகாத பானைகளும் அவள் முன்னால் வரிசையாக இருந்தன.

அவள் ஒரு பானையில் கரண்டியை இறக்கி, உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து நக்கிப் பார்த்தாள்.

"என் எருமைத் தயிரு வாசம் இருக்கு," என்றாள்.

"தங்கச்சி..." என்று அம்மா தொடங்கினார்.

"அவுக எம்புட்டு உறை கொடுத்தேன்னு கேட்டாக. கொடுத்ததைச் சொன்னேன். அதை வச்சு நீங்க என்ன செஞ்சீகன்னு அவுக கேக்கலை. ஆம்பளைக்கு அது தோணாது." அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏத்தா, நீ கெட்டிக்காரிதான். ஆனா பகல்ல உறை ஊத்தி மண்ணுல புதைக்கிற பொம்பளையைப் பார்த்தா, உறை ஊத்துற எவளுக்கும் கணக்குப் புரிஞ்சுபோகும். நான் பார்த்ததோட போச்சு. இன்னொருத்தி பார்த்திருந்தா?"

அவளுக்கு நான் இலை போட்டேன். வேறு எதையும் தொடாமல் தயிரும் சோறும் மட்டும் சாப்பிட்டாள்.

அப்பா அன்று பந்தியில் உட்காரவில்லை. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மிச்சமிருந்த தயிரில் ஒரு குவளை கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு வாந்தி எடுத்தார். தயிரில் கெடுதல் எதுவும் இல்லை. இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போகும்வரை, சுவருக்கு அந்தப் பக்கம் செருமல் கேட்டால் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அம்மா அதற்குப் பிறகு தயிருக்கு ஒருநாளும் குண்டானை அளவாக வைக்கவில்லை. பாலைப் படியால் அளந்துவிட்டுத்தான் கரண்டியை எடுப்பார். அதுவும் இருட்டிய பிறகு, கொல்லைக் கதவைச் சாத்திவிட்டுத்தான்.